மாலையில் மட்டும் குளிராத ஏசி: மேலும் கீழும் மாட்டிய அவுட்டோர் யூனிட்டுகளைச் சோதிப்பது எப்படி?

இரவு பதினொரு மணிக்கு அறை நன்றாகக் குளிர்கிறது, மாலை ஆறு மணிக்கு அதே ஏசி திணறுகிறது என்றால் உடனே காஸ் நிரப்பச் சொல்லாதீர்கள். காஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் இரவிலும் குறை தெரியும். எல்லா வீட்டு ஏசியும் சேர்ந்து ஓடும் நேரத்தில் மட்டும் தொல்லை என்றால், சுவரில் உங்கள் யூனிட்டுக்குக் கீழே யார் யாருடைய யூனிட் தொங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

அவுட்டோர் யூனிட் பின்பக்கமும் ஓரத்திலும் காற்றை இழுத்து, முன்பக்கம் வெளியே தள்ளுகிறது. வெளியே வரும் காற்று, உள்ளே போனதைவிடச் சுமார் 8 முதல் 12 டிகிரி வரை சூடாக இருக்கும். சூடான காற்று மேலே ஏறும். மேல் மாடி யூனிட் அதையே இழுத்து, இன்னும் சூடாக்கி, அதற்கும் மேலே உள்ளதற்கு அனுப்பி வைக்கும். எதிர்ச்சுவர் நெருக்கமாக இருந்தால் காற்று விலகிப் போக வழியில்லாமல் நிலைமை இன்னும் மோசமாகும்.

1. இரண்டு தெர்மாமீட்டர் வையுங்கள்

ஒயர் நுனியில் சென்சார் உள்ள சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஒன்றின் சென்சார் உங்கள் யூனிட் காற்றை இழுக்கும் பின்பக்கம் இருக்க வேண்டும். தகட்டையோ காயிலையோ தொடக் கூடாது, வெயில் படக் கூடாது, ஒயர் ஃபேனில் சிக்காதபடி கட்டியிருக்க வேண்டும். இன்னொன்றை ஏசி யூனிட்டுகளே இல்லாத பக்கத்து ஜன்னலில், நிழலில் தொங்கவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே எட்டிச் சாய்ந்து செய்யும் வேலை இல்லை இது. கை எட்டாவிட்டால் பாதுகாப்புப் பெல்ட்டோடு வரும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

2. நெரிசல் நேரத்தில் அளவு எடுங்கள்

எல்லார் ஏசியும் ஓடும்போது, உங்களுடையதை அரை மணி நேரம் ஓடவிட்டு இரண்டையும் படியுங்கள். ஓரிரண்டு டிகிரி வித்தியாசம் சகஜம். ஐந்துக்கு மேல் போனால் சூடான காற்று திரும்பி வருகிறது என்று சந்தேகிக்கலாம்.

3. கீழ்வீட்டு ஏசிகளை நிறுத்திப் பாருங்கள்

இதுதான் முக்கியமான சோதனை. கம்ப்ரஸர் நிற்காமல் இருக்க உங்கள் செட்டிங்கை மிகக் குறைத்து வையுங்கள். கீழ்வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் ஏசியைக் கால் மணி நேரம் அணைக்கச் செய்யுங்கள்.

நான்காவது மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளியே 35 டிகிரி, யூனிட்டின் பின்பக்கம் 44. கீழே உள்ள மூன்றையும் அணைத்ததும் 44 என்பது 38 ஆக இறங்குகிறது. அப்படியானால் கூடுதலாக இருந்த 9 டிகிரியில் 6 கீழேயிருந்து வந்தது. மிச்சம் 3? அது அந்த யூனிட் தானே தள்ளிய காற்று, முன்னால் உள்ள அலங்கார கிரில்லில் மோதித் திரும்பி வருவது. இந்த 3 டிகிரியை யாரும் கவனிப்பதே இல்லை.

ஏசியின் குளிரூட்டும் திறனைப் பொதுவாக வெளிவெப்பம் 35 டிகிரி என்று வைத்துத்தான் குறிப்பிடுகிறார்கள். 44 டிகிரி காற்று கிடைத்தால் குளிர் குறையும், மின்சாரம் கூடும். இன்வெர்ட்டர் ஏசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைக்கும். சாதாரண ஏசியில் கம்ப்ரஸர் நின்று நின்று ஓடலாம்.

4. சரிசெய்யும் வரிசை

முதலில் உங்கள் பக்கம். கிரில்லின் பட்டைகள் கீழ்நோக்கி நெருக்கமாகச் சாய்ந்திருந்தால் கழற்றுங்கள், அல்லது படுக்கைவாட்டில் இடைவெளிவிட்டு மாற்றுங்கள்.

அப்புறம் கீழ்வீட்டு யூனிட். அதன் முன்னால் காற்றைத் திருப்பும் தகடு இருந்தால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். மேல்நோக்கி இருந்தால் சூடு நேராக உங்களுக்குத்தான். காற்று சுவரைவிட்டு வெளியே போகும்படி அதைத் திருப்ப வேண்டும். இது போதாவிட்டால் இரண்டு யூனிட்டுகளுக்கும் நடுவே, முன்பக்கத்தைத் தாண்டி நீளும் ஒரு தகட்டை மாட்டலாம். பின்னாலும் ஓரத்திலும் மேனுவலில் சொன்ன இடைவெளி குறையக் கூடாது. யூனிட்டைப் பெட்டிபோல் மூடிவிட்டால் காரியம் கெட்டுவிடும். தண்ணீர் தெளிக்கும் யோசனையும் வேண்டாம், நாளடைவில் காயிலில் உப்புப் படிந்து அரிக்கும்.

எதிர்ச்சுவர் மிக நெருக்கமான சந்தாக இருந்தால் தகடுகள் பெரிதாக உதவாது. யூனிட்டைப் பக்கவாட்டில் நகர்த்துவது அல்லது மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதுதான் வழி. பைப் எவ்வளவு நீளம் போகலாம், கூடும் நீளத்துக்கு எவ்வளவு காஸ் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மாடலின் மேனுவலில் இருக்கும்.

வேலை முடிந்ததும் அதே நெரிசல் நேரத்தில் இரண்டாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிக்குள் வந்தும் குளிரவில்லை என்றால், அப்போது காயில் அழுக்கையும் காஸையும் பார்க்கச் சொல்லலாம். அதற்கு முன்பே யாராவது காஸ் ஏற்ற வந்தால் விடாதீர்கள்: பின்பக்கம் 44 டிகிரி இருக்கும்போது பைப்பில் பிரஷர் ஏற்கெனவே எகிறியிருக்கும், தேவைக்கு மேல் ஏறும் காஸ் அதை இன்னும் கூட்டும்.