அப்ளை பண்ணி ரெண்டு வாரமாச்சு, பதில் இல்ல: ஃபாலோ-அப் மெயில்ல தவிர்க்க வேண்டிய தவறுகள்

கப்பலூர் பக்கம் ஒரு கம்பெனில ஆள் எடுக்குற மெயில் எல்லாம் பாக்குறது என் வேலை. ரெஸ்யூமே அனுப்பிட்டு ரெண்டு வாரம் கழிச்சு "எனி அப்டேட் சார்?"னு மட்டும் ஒரு மெயில் வரும், கீழ பேர் இருக்காது, எந்த வேலைக்குன்னு இருக்காது, மெயில் ஐடியும் சூப்பர்ஸ்டார்னு ஏதாவது இருக்கும். அது யாருன்னு நான் எங்க போய் தேடுறது? கேக்குறது தப்பே இல்ல, தாராளமா கேக்கலாம், ஆனா கேக்குறவங்க யாருன்னு எதிர்ல இருக்குறவருக்கு உடனே தெரியணும்.

தெற்குவாசல்ல ஒரு பொண்ணு, பி.காம் முடிச்சவ, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு வேற ஒரு கம்பெனிக்கு ஜூன் 5 அனுப்பியிருந்தா. 19ஆம் தேதி காலைல ஃபாலோ-அப் எழுதிட்டு அனுப்புறதுக்கு முன்னாடி எங்கிட்ட காட்டினா. நான் மொதல்ல கேட்டது விளம்பரத்துல கடைசி தேதி என்னம்மான்னுதான். ஜூன் 14னு போட்டிருந்துச்சு. அப்ப அவ அனுப்பின நாள்ல இருந்து ரெண்டு வாரம் ஆகியிருந்தாலும், அவங்க பக்கம் மெயில் வாங்கி முடிச்சே அஞ்சு நாள்தான் ஆகுது, நெறைய எடத்துல அதுக்கப்புறம்தான் பிரிச்சுப் பாக்கவே ஆரம்பிப்பாங்க. அதனால 25ஆம் தேதி வாக்குல அனுப்பச் சொன்னேன். கடைசி தேதி போடலன்னா அனுப்பின நாள்ல இருந்து எண்ணிக்கலாம். சித்திரைத் திருவிழா சமயம்னா அழகர் ஆத்துல இறங்குற வாரத்தை கணக்குலயே சேக்காதீங்க, மதுரைல பாதி ஆபீஸ் லீவுல இருக்கும்.

அடுத்து, அவ புதுசா ஒரு மெயில் எழுதியிருந்தா. இதைத்தான் எல்லாரும் பண்றாங்க, இதுதான் பெரிய தப்புன்னு நான் நினைக்கிறேன். சென்ட் ஃபோல்டர்ல உங்க பழைய மெயிலை திறந்து அதுக்கே ரிப்ளை குடுங்க, ஜிமெயில்ல அப்படிக் குடுத்தா மொதல்ல அனுப்பின அதே ஆளுக்குத்தான் போகும், சப்ஜெக்ட் முன்னாடி Re: சேரும், பழைய மெயிலும் கீழயே வரும், படிக்கிறவருக்கு தேடுற வேலை இல்ல. ஆனா ரிப்ளை குடுக்கும்போது பழைய அட்டாச்மென்ட் கூட வராதுங்க, இது பல பேருக்குத் தெரியல. ரெஸ்யூமேவை பிடிஎஃப்ஃபா திரும்ப இணைங்க, ஃபைல் பேருல உங்க பேரும் வேலையும் இருக்கட்டும், "நியூ ஃபைனல் 2"ன்னு அனுப்பினா டவுன்லோட் பண்ணின பிறகு அது யாரோடதுன்னே தெரியாது.

அவ எழுதியிருந்த விஷயம் இன்னும் சங்கடம். அப்பாவுக்கு உடம்பு முடியல, வீட்டுக் கஷ்டம், ப்ளீஸ் மேடம்னு ஒரு பத்தி, அதுக்குக் கீழ "இன்னும் ஏன் பதில் போடல"ன்னு ஒரு வரி. கஷ்டம் நிஜம்தான், படிச்சப்ப எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அதை வச்சு ஒருத்தரை ஷார்ட்லிஸ்ட்ல சேக்க எச்.ஆர் கையில அதிகாரம் கெடையாது. ரெண்டாவது வரி குத்தம் சொல்ற மாதிரி போயிரும். ரெண்டையும் எடுத்துட்டு இப்படி மாத்தினோம்:

"வணக்கம் மேடம். அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் பணிக்கு ஜூன் 5 அன்று விண்ணப்பித்திருந்தேன். தேர்வு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிவிக்க முடியுமா? விண்ணப்பித்த பிறகு டேலி பிரைம் ஜிஎஸ்டி பயிற்சியை முடித்துவிட்டேன், புதிய ரெஸ்யூமேவை இணைத்திருக்கிறேன். வேறு ஏதாவது தேவைப்பட்டால் அனுப்புகிறேன். நன்றி."

கீழ முழுப் பேரு, போன் நம்பர். அவ்வளவுதான். இங்கிலீஷ்ல எழுதினாலும் இதே வரிசைதான். ஒரே ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு அவங்க ஒரு வரில பதில் போட்டுரலாம். பயிற்சி வரி அவ நெசமாவே முடிச்சதால சேத்தோம், உங்களுக்கு புதுசா ஒண்ணும் இல்லன்னா அந்த வரியை விட்டுருங்க. வேற கம்பெனில ஆஃபர் இருக்குன்னு பொய்யா எழுதவே எழுதாதீங்க, "அப்ப அங்கயே சேந்துக்கோங்க"ன்னு பதில் வந்துரும்.

அட்ரஸையும் ஒரு தடவை பாருங்க. வேலை சைட் மூலமா அப்ளை பண்ணியிருந்தா வர்ற மெயில் no-reply ஐடில இருந்து வந்திருக்கும், அதுக்கு பதில் போட்டா யாரும் படிக்க மாட்டாங்க. கம்பெனி வெப்சைட்ல கேரியர்ஸ் மெயில் ஐடி இருக்கான்னு தேடி, அதுக்கு அனுப்பும்போது எந்த சைட்ல என்னைக்கு அப்ளை பண்ணீங்கன்னு எழுதுங்க. எம்.டி, மேனேஜர்னு கெடைச்ச ஐடி எல்லாத்தையும் சிசில போடாதீங்க, எச்.ஆருக்கு தன்னைப் பத்தி மேல புகார் போன மாதிரி தோணும்.

அனுப்பின அன்னைக்கே போன் போட்டு "மெயில் பாத்தீங்களா"ன்னு கேக்குறதும் வேணாம். ஒரு வாரம் விட்டு, ஆபீஸ் நம்பர் விளம்பரத்துலயே குடுத்திருந்தா மட்டும் ஒரு தடவை கூப்பிடலாம், அப்பவும் பதில் இல்லன்னா அந்த எடத்தை விட்டுட்டு அடுத்த விண்ணப்பத்துக்கு போயிருங்க.