ஜேடியை வைத்து எதை எவ்வளவு படிப்பது என்று முடிவு செய்வது எப்படி?

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் இருக்கிறது, ஜேடியில், அதாவது வேலை விளம்பரத்தோடு வரும் ஜாப் டிஸ்கிரிப்ஷனில், எட்டு திறன்கள் கேட்டிருக்கிறார்கள் என்றால் எட்டையும் சமமாகப் பங்கு போட்டுப் படிக்க வேண்டியதில்லை. டேட்டா அனலிஸ்ட் வேலைக்குத் தயாரானபோது நான் செய்த முறையை இங்கே எழுதுகிறேன். மற்ற வேலைகளுக்கும் இதே வழிதான்.

1. பிரிண்ட் எடுங்கள்

ஜேடியை ஒட்டினால் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று காட்டும் தளங்கள் இருக்கின்றன. எனக்கு அவை பிடிக்காது. 'டீம்', 'கம்யூனிகேஷன்' போன்ற சொற்கள்தான் மேலே வந்து நிற்கும். தாளும் பென்சிலும் போதும்.

2. திறன் பட்டியலை ஒதுக்கிவிட்டு, பொறுப்புகளைப் படியுங்கள்

பெரும்பாலானோர் திறன் பட்டியலில்தான் தொடங்குகிறார்கள். அது பழைய விளம்பரத்திலிருந்து அப்படியே ஒட்டப்பட்டதாகவும் இருக்கலாம். தினமும் என்ன வேலை என்பது பொறுப்புகள் பகுதியில்தான் தெரியும். என் ஜேடியில் இருந்தவை, சுருக்கமாக:

- ஆர்டர்களையும் பேமென்ட்களையும் தினமும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கண்டுபிடிப்பது
- வாராந்திர விற்பனை அறிக்கை
- ஏற்கெனவே உள்ள பவர் பிஐ டாஷ்போர்டுகளைப் பராமரிப்பது
- ஃபைனான்ஸ் டீம் திடீரென்று கேட்கும் தகவலை எடுத்து எக்செல்லில் கொடுப்பது
- வெண்டர்கள் அனுப்பும் எக்செல் ஃபைல்களைச் சரிசெய்வது

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எந்தத் திறன் தேவை என்று எழுதினேன். எஸ்க்யூஎல் மூன்று வரிகளில் வந்தது, எக்செல்லும் பவர் பிஐயும் இரண்டிரண்டு. பட்டியலில் இருந்த பைத்தான், டேப்லோ, மெஷின் லேர்னிங் ஒரு வரியில்கூட வரவில்லை. சரி, அவற்றுக்கு அடிப்படைக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவு போதும்.

3. வினைச்சொல்லைப் பாருங்கள்

சிக்கலான இடம் இதுதான். 'எஸ்க்யூஎல் முக்கியம்' என்று தெரிந்துவிட்டது. ஆனால் எஸ்க்யூஎல்லில் எது? திறன் பெயரைப் பார்த்தால் பதில் கிடைக்காது, அந்த வரியின் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும்.

முதல் வரியில் 'ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கண்டுபிடிப்பது' என்கிறார்கள். அப்படியென்றால் இரண்டு டேபிள்களை இணைக்கத் தெரிய வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருக்கும் வரிகளை எடுக்கத் தெரிய வேண்டும், NULL எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிய வேண்டும், ஒரே ஆர்டருக்கு இரண்டு பேமென்ட் வந்தால் தொகை இரட்டிப்பாவதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். இவை நான்கும்தான் படிக்க வேண்டிய தலைப்புகள். பணம் வெற்றிகரமாக வராத ஆர்டர்களை எடுக்கச் சொன்னால்:

```sql
SELECT o.order_id
FROM orders o
LEFT JOIN payments p
  ON p.order_id = o.order_id
 AND p.status = 'success'
WHERE p.order_id IS NULL;
```

அந்த `status` நிபந்தனையை `ON`-இலிருந்து `WHERE`-க்கு மாற்றிப் பாருங்கள், ஒரு வரிகூட வராது. பேமென்ட் இல்லாத ஆர்டருக்கு `status`-உம் NULL தானே, அது 'success' ஆக முடியாது. இது ஏன் என்று விளக்கத் தெரிந்தால் அந்தப் பொறுப்புக்குத் தயார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதேபோல டாஷ்போர்டைப் 'பராமரிப்பது' என்றால், புதிதாக வடிவமைப்பது இல்லை. ரெஃப்ரெஷ் ஏன் நின்றது, எண் ஏன் தவறாக வருகிறது, இருக்கிற மெஷரை எப்படி மாற்றுவது என்பவற்றைப் பார்த்தால் போதும். 'உருவாக்குவது' என்று எழுதியிருந்தால் டேட்டா மாடல், சார்ட் தேர்வு எல்லாம் சேர்ந்துகொள்ளும்.

4. உங்கள் பலவீனத்தையும் கணக்கில் எடுங்கள்

அதிக வரிகளில் வருவது மட்டுமே அதிக நேரம் கேட்பதில்லை. எனக்கு எக்செல் கையோடு வரும், எஸ்க்யூஎல்லில் ஜாயின் தடுமாற்றம். அதனால் இருந்த இருபது மணி நேரத்தில் பாதியை எஸ்க்யூஎல்லுக்கும், ஆறை பவர் பிஐக்கும், மூன்றை எக்செல்லுக்கும் வைத்தேன். பைத்தானுக்கு ஒரு மணி நேரம். பலவீனம் எது என்று ஊகிக்காதீர்கள். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு கணக்கை, எதையும் பார்க்காமல் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: 'என் ஜேடியில் பொறுப்புகளே இல்லை, நாலு வரிதான்' என்று கமென்ட்டில் கேட்டிருந்தார்கள். அதே நிறுவனம் அதே டீமுக்கு வெளியிட்ட மற்ற விளம்பரங்களைத் தேடிப் பாருங்கள். அப்புறம் ஹெச்ஆரிடம், "எத்தனை ரவுண்ட், எழுதிக் காட்டும் டெஸ்ட் உண்டா, எதில்?" என்று நேரடியாகக் கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி இல்லை.

கேம்பஸ் தேர்வுக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது. ஒரே ஜேடியைப் பல டீம்களுக்கும் பொதுவாகப் போட்டிருப்பார்கள். அங்கே ஆப்டிட்யூட், கோடிங் ரவுண்டுகளை முதலில் முடியுங்கள், ஜேடியை அதற்குப் பிறகு பார்க்கலாம்.