பகல் தெருப் படத்தை இரவாக்கும்போது செய்யும் தவறுகள்

புதுச்சேரி டூமாஸ் வீதியில் ஒரே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்கள் என்னிடம் இருக்கின்றன. மாம்பழ மஞ்சள் பூசிய வீடு, வெள்ளைக் கரை, சாய்ந்த மரப்பட்டைகள் வைத்த ஜன்னல்கள், மதிலுக்கு மேலே காகிதப்பூக் கொடி, சுவரிலிருந்து நீளும் இரும்புக் கம்பியில் ஒரு விளக்கு, அதற்கடியில் நிறுத்திய ஸ்கூட்டர். ஒன்று நல்ல வெயிலில் எடுத்தது. மற்றது மேகம் மூடிய காலையில் எடுத்தது. வெயில் படம்தான் அழகு. அதை இரவாக்க இரண்டு மாலைகள் செலவழித்தும் முடியவில்லை. மேகமூட்டப் படம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது.

காரணம் நிழல். வெயில் படத்தில் பால்கனியின் நிழல் சுவரில் கத்தியால் வெட்டியதுபோல் சாய்வாக விழுந்திருந்தது. படத்தை எவ்வளவு இருட்டாக்கினாலும் அந்தக் கோடு அப்படியே நிற்கிறது. வெகு தூரத்தில் வலுவான ஒரே ஒளி இருக்கிறது என்பதை அது சொல்லிக்கொண்டே இருக்கும். நிலவொளி என்று வைத்துக்கொண்டாலும், பக்கத்தில் தெருவிளக்கு எரியும்போது நிலவின் நிழல் கண்ணில் படாது. ஆகவே முதல் தவறு, மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மேகமூட்டமான நேரத்தில் எடுத்த படத்தையோ, தெரு முழுவதும் நிழலில் இருக்கும்போது எடுத்த படத்தையோ தேர்ந்தெடுங்கள். உச்சி வெயில் படத்தைக் காப்பாற்ற எனக்கு வழி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

எந்த இரவு வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்வது நல்லது. நள்ளிரவைவிட, சூரியன் மறைந்து வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் வேளைதான் எளிதில் நம்பவைக்கும். புதுச்சேரியில் அந்த அந்தி 20 நிமிடங்களுக்குச் சற்று மேல்தான் நீடிக்கும். விளக்குகளும் வானமும் ஒரே படத்தில் அடங்குவது அந்த நேரத்தில்தான். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழி. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் செய்ததையே சொல்கிறேன்.

மொத்தமாக இருட்டாக்குவது

பெரும்பாலோர் பிரகாசத்தைக் குறைக்கும் பட்டையை இழுத்து, மேலே நீலத்தைப் பூசிவிடுகிறார்கள். கிடைப்பது கிரகண நேரத்துத் தெரு. பகலில் எது எதைவிட வெளிச்சமாக இருந்ததோ, அந்த வரிசை மாறவே இல்லை என்பதுதான் குறை. பகலில் வானம்தான் மிக வெளிச்சமான பகுதி, ஜன்னல்கள் கருங்குழிகள். இரவில் இது தலைகீழாகிறது. ஜன்னல் எரிகிறது, விளக்கடிச் சுவர் ஒளிர்கிறது, வானம் அவற்றுக்குப் பின்னால் போய்விடுகிறது.

அதனால் பகல் படத்தை அழித்துவிடாமல் அடியில் வைத்துக்கொண்டேன். முதலில் `Image → Precision` சென்று 32 பிட் மிதவைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். 8 பிட்டில் இருண்ட வானம் படிப்படியாகப் பட்டை விழும். பிறகு லேயரை ஒரு நகல் எடுத்து, அந்த நகலில் `Colors → Exposure` வழியாக மூன்று ஸ்டாப் குறைத்தேன். ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியைப் பாதியாக்கும் என்பதால், மூன்று ஸ்டாப் என்றால் எட்டில் ஒரு பங்கு. பிக்சல் மதிப்பு ஒளியின் அதே விகிதத்தில் இறங்குவதில்லை என்பதால், வெள்ளைக் கரையின் மதிப்பு 255 என்றால் ஏறத்தாழ 100 ஆகிறது. 120-ல் இருந்த சுவர் 42-க்கு இறங்குகிறது. இருட்டுதான், ஆனால் சுவரின் காரை உதிர்ந்த இடம் இன்னும் தெரிகிறது. ஐந்து ஸ்டாப் குறைத்துப் பார்த்தபோது அந்த விவரம் செத்துவிட்டது.

நிறத்துக்கு வருவோம். வெளிச்சம் குறையும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கும். நீலமும் பச்சையும் சற்றுத் தாக்குப்பிடிக்கும். செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே பூக்களைப் பார்த்துக் கவனித்த விஷயம் இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. ஆகவே இரவு லேயரில் நிறச்செறிவைப் பாதிக்குமேல் குறைத்து, `Colors → Curves` திறந்து சிவப்பை மட்டும் இறக்கினேன். காகிதப்பூவின் சிவப்பு கருஞ்சிவப்பாக மாறிய அந்தக் கணத்தில்தான் படம் இரவின் பக்கம் நகர்ந்தது. நீலத்தை ஏற்றிய அளவு மிகவும் கொஞ்சம். மஞ்சள் சுவர் பச்சை கலந்த சாம்பலாகத் தெரிந்தால் போதும். அது நீலச் சுவராகிவிட்டால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

வானத்தை வெட்டி எடுத்துவிட்டு இரவு வானத்தை ஒட்டுவது இன்னொரு பொதுவான வழி. அப்படிச் செய்தால் கொடியின் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் வெள்ளை விளிம்பு நிற்கும். மேகமூட்ட வானம் வெள்ளையாக இருப்பதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். மேலே ஒரு புதிய லேயர், அதன் கலப்பு முறை `Multiply`, அதில் உச்சியில் `3a5a9c`, கூரையோரத்தில் `7088b8` என்று மேலிருந்து கீழாக வெளுத்துவரும் நீலம். அந்த முறை வெளிச்சமான இடத்தைத் தன் நிறமாக்கும். ஏற்கெனவே இருண்ட இலையை இன்னும் இருட்டாக்கும், அவ்வளவுதான். கொடியை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. சுவரின் நேர்விளிம்பில் மட்டும் மாஸ்க் வைத்தால் போதும்.

ஜன்னலுக்கு மஞ்சள் பூசுவது

கண்ணாடியைச் சுற்றித் தேர்வு செய்து, மஞ்சளை நிரப்பி, எல்லா ஜன்னலுக்கும் அதையே திரும்பச் செய்வது. படத்தைக் காகிதப் பொம்மை வீடாக்குவது இதுதான். உண்மையான ஜன்னலைத் தெருவில் நின்று பாருங்கள். மாடி ஜன்னல் வழியே நமக்குத் தெரிவது அறையின் கூரையும் சுவரின் மேற்பகுதியும்தான். தரை தெரியாது. ஆகவே ஒளி மேலே அடர்ந்து கீழே மங்க வேண்டும். சட்டமும் கம்பியும் ஒளிக்கு முன்னால் இருப்பவை. அவை கறுப்பாகவே இருக்கட்டும்.

இந்த வீட்டில் மூன்று மாடி ஜன்னல்கள். ஒன்றின் கதவுகளை மூடியபடியே விட்டு, பட்டைகளின் இடைவெளியில் மட்டும் மெல்லிய ஒளிக்கீற்றுகளை வரைந்தேன். பட்டைகள் வெளிப்புறம் கீழ்நோக்கிச் சாய்ந்திருப்பதால் கீழே நிற்பவருக்கு அந்த இடைவெளி தெரியும். அதே காரணத்தால் எதிர்வீட்டு மாடியில் நிற்பவருக்குத் தெரியாது. இரண்டாவது ஜன்னல் திறந்தது, குழல்விளக்கின் சற்றே பச்சை கலந்த வெள்ளை. மூன்றாவது அணைந்தது. அணைந்த ஜன்னலில்தான் அதிகக் கவனம் வேண்டும்: அதன் கண்ணாடியில் பகல் வானம் வெள்ளையாகப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். அதை ஏறக்குறைய கருமைக்கு இறக்காவிட்டால், மற்ற இரண்டு ஜன்னல்களின் உழைப்பும் வீண்.

விளக்கு எரிகிறது, வெளிச்சம் விழவில்லை

மிகுதியாகக் காணும் தவறும், திருத்தினால் மிகுந்த பலன் தருவதும் இதுதான். விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடுகிறார்கள். சுவரும் தரையும் அதை அறியவே இல்லை. மஞ்சள் பிரஷ்ஷால் தரையில் வட்டம் போட்டாலும் சரியாகாது, ஏனெனில் சாயம் கல்லின் முகத்தை மூடிவிடும்.

அடியில் வைத்திருந்த பகல் படம் உதவுவது இங்கேதான். இரவு லேயருக்கு வெள்ளை மாஸ்க் சேர்த்து, விளக்கொளி விழும் இடங்களில் மென்மையான கறுப்பு பிரஷ்ஷால் அந்த மாஸ்கைத் தீட்டினால், அங்கே பகல் படம் எட்டிப் பார்க்கும். காரை, விரிசல், தரைக்கல்லின் இடுக்கு எல்லாம் ஒளியோடு சேர்ந்து திரும்பி வரும். அதன் மேல் `ffd29a` போன்ற இளமஞ்சளை `Multiply` முறையில், அந்த மாஸ்கின் நகலைத் தலைகீழாக்கி வைத்துப் போட்டால் பகலின் வெள்ளை விளக்கின் நிறமாகிவிடும்.

எவ்வளவு தீட்டுவது என்பதைக் கண்ணளவில் விட்டால் எல்லோரும் ஒளியைத் தாராளமாகப் பரப்பிவிடுகிறோம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளக்கு தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நேர் கீழே விழும் ஒளியை 1 என்று கொள்வோம். தரையில் 3 மீட்டர் தள்ளிப் போனால் விளக்கிலிருந்து தூரம் 4.2 மீட்டர்; தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி பாதியாகிறது. ஒளி சாய்ந்து விழுவதால் இன்னும் குறைந்து, ஏறத்தாழ 0.35 மட்டுமே மிஞ்சுகிறது. 6 மீட்டர் தள்ளினால் 0.09. அதாவது ஒன்றரை ஸ்டாப், பிறகு மூன்றரை ஸ்டாப். நாம் இருட்டாக்கியதே மூன்று ஸ்டாப்தான் என்பதால், 6 மீட்டருக்கு அப்பால் மாஸ்கைத் தொடவே கூடாது. எதிர்ச் சுவர் வரை வெளிச்சம் போகும் என்று முதலில் தீட்டியதையெல்லாம் அழித்தேன்.

தரையில் விழும் ஒளி வட்டமாக இருந்தாலும், நின்ற உயரத்திலிருந்து எடுத்த படத்தில் அது தட்டையான நீள்வட்டமாகவே தெரியும். ஸ்கூட்டருக்கு நிழல் வேண்டும்: சக்கரத்திலிருந்து தொடங்கி, விளக்குக்கு எதிர்த்திசையில், அடியில் கூர்மையாகவும் போகப்போக மங்கலாகவும். மேகமூட்டப் படத்தில் அந்த நிழல் இல்லை என்பதால் அதை மாஸ்கில் வெள்ளையால் நாமே வரைய வேண்டும். ஜன்னல் விளிம்புக்கு மேலிருந்து ஒளி வந்தால் அதன் கீழே ஒரு நிழற்கோடும் அப்படியே.

விளக்குக் குமிழைப் பற்றியும் ஒரு சொல். அதை ஆரஞ்சாக வரையாதீர்கள். எரியும் குமிழைக் கேமராவால் தாங்க முடியாது. நடுப்பகுதி வெள்ளையாக எரிந்துபோய், நிறம் சுற்றிலும்தான் தெரியும். படத்திலேயே 255-ஐத் தொடும் ஒரே இடம் அதுவாக இருக்கட்டும். ஜன்னல்கள் 220-ஐத் தாண்ட வேண்டாம். ஒளிவட்டத்துக்கு அந்தக் குமிழின் நகலை இரண்டு அளவில் மங்கலாக்கி, `Addition` முறையில் சேர்த்தேன். 4000 பிக்சல் அகலப் படத்தில் ஒன்றுக்கு 15 பிக்சல், மற்றொன்றுக்கு 120 பிக்சல். பெரியதை மிக மெலிதாக. அது தடித்துவிட்டால் தெருவில் மூடுபனி இறங்கிவிட்டதுபோல் இருக்கும், டூமாஸ் வீதிக்கு அது ஒவ்வாது.

முடிந்தது என்று தோன்றியதும் படத்தின் நகல் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறிதாகச் சுருக்கிப் பார்ப்பேன். நிறம் போனதும், விளக்கோடு தொடர்பில்லாமல் வெளுத்து நிற்பவை தாமாக முன்னே வரும். இந்தப் படத்தில் அப்படி மூன்று அகப்பட்டன: மதிலின் மேல்விளிம்பு, ஸ்கூட்டர் இருக்கையின் மேற்பரப்பு, அதன் பின்பார்வைக் கண்ணாடி. முதல் இரண்டும் மாஸ்கில் சரியாகிவிட்டன. கண்ணாடிக்குள் நகத்தளவு பகல் வானம் அப்படியே இருந்தது. அதைக் கருநீலமாக்கி, ஓரத்தில் விளக்கின் ஒரு புள்ளியை வைத்தேன்.