புது காருக்கு கன்சூமபிள்ஸ் கவர், ஆர்டிஐ கவர்: எது எப்போ போடலாம், கணக்கு போட்டு பாப்போம்

டெலிவரிக்கு முன்னாடி ஷோரூம்ல இன்சூரன்ஸ் கொட்டேஷன் ஒண்ணு நீட்டுவாங்க. அதுல ஜீரோ டெப், இன்ஜின் ப்ரொடெக்ட், கன்சூமபிள்ஸ், ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்னு நாலஞ்சு ஆட்-ஆன் ஒரே பேக்கேஜா கட்டி ஒரே தொகையா போட்டிருக்கும். நாமளும் கலர் வந்துச்சா, நம்பர் வந்துச்சாங்கற அவசரத்துல கையெழுத்து போட்டுருவோம். இதுல கன்சூமபிள்ஸும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் (சுருக்கமா ஆர்டிஐ, தகவல் அறியும் சட்டம் இல்லங்க!) ரெண்டு மட்டும் இங்க பாக்கலாம், ஏன்னா ஒண்ணு சின்ன காசு, இன்னொண்ணு பெரிய காசு, ஆனா நிறைய பேர் ரெண்டையும் ஒரே மாதிரி நினைச்சு எடுக்கறாங்க இல்லனா ரெண்டையும் சேத்து விட்டுடறாங்க.

ஸ்டெப் 1: பேக்கேஜ பிரிச்சு கேளுங்க

"ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் தனித்தனி ரேட் போட்டு குடுங்க"ன்னு கேளுங்க, சிஸ்டம்ல அது இருக்கும். ஐடிவி எவ்வளவுன்னு வட்டம் போட்டு வைங்க. ஐடிவின்னா கார் திருடு போனாலோ மொத்தமா நொறுங்கினாலோ கம்பெனி குடுக்கற உச்சபட்ச தொகை. புது காருக்கு எக்ஸ்-ஷோரூம் விலைல 5% கழிச்சு வைப்பாங்க. ஒரு வருஷம் தாண்டின காருக்கு 20%, ரெண்டு வருஷம் தாண்டினா 30% கழியும். ரோடு டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷன் செலவு எதுவும் ஐடிவில சேராது, இதுதான் நிறைய பேருக்கு தெரியாத விஷயம்.

ஸ்டெப் 2: உங்க ஓட்டைய கணக்கு போடுங்க

எக்ஸ்-ஷோரூம் 9 லட்சம்னு வச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல அந்த விலைக்கு ரோடு டாக்ஸ் 13%, அதாவது 1,17,000. முதல் வருஷ ஐடிவி 8,55,000. அதனால டெலிவரி எடுத்த மறு வாரமே வண்டி களவு போனாலும் உங்களுக்கு 45,000 விலைலயும் 1,17,000 டாக்ஸ்லயும் போச்சு, மொத்தம் 1,62,000. ரெண்டாவது வருஷ பாலிசில ஐடிவி 7,20,000 ஆயிரும், அப்போ ஓட்டை 2,97,000. இந்த ஓட்டைய அடைக்கறதுதான் ஆர்டிஐ.

இப்போ இதையே லோன் பக்கம் இருந்து பாருங்க, இங்கதான் உண்மையான வலி. இதே காருக்கு 9.5 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்னா இஎம்ஐ 15,285 வரும். 18 மாசம் ஒழுங்கா கட்டி முடிச்ச பிறகும் பாக்கி சுமார் 7.93 லட்சம் நிக்கும், ஆரம்பத்துல இஎம்ஐல கிட்டத்தட்ட பாதி வட்டிக்கே போயிருது இல்லையா. அந்த நேரத்துல கார் போனா ஐடிவி 7.20 லட்சம், அதுவும் முதல்ல பேங்குக்குதான் போகும். ஆக கார் இல்ல, கையில காசு இல்ல, மேல 73,000 கடன் பாக்கி வேற. ஆர்டிஐ இருந்து அதுல ரோடு டாக்ஸும் சேந்திருந்தா 10,17,000 வரும், லோன் அடைச்சது போக 2.24 லட்சம் உங்க கைக்கு, அடுத்த காருக்கு டவுன் பேமெண்ட் ஆச்சு.

அதனால என் கருத்து, டவுன் பேமெண்ட் கம்மியா போட்டு நீளமான லோன் எடுத்தவங்க முதல் மூணு வருஷம் ஆர்டிஐய விடாதீங்க. ரொக்கத்துல வாங்கினவங்க, ரெண்டு மூணு லட்சம் போனாலும் தாங்குவேன்னா பிரீமியத்த பாத்து முடிவு பண்ணலாம், தப்பில்ல.

ஸ்டெப் 3: ஆர்டிஐ வாசகத்த படிங்க

இத தாண்டாம கையெழுத்து போடாதீங்க. சில கம்பெனி எக்ஸ்-ஷோரூம் மட்டும் குடுக்கும், சில கம்பெனி டாக்ஸ், ரிஜிஸ்ட்ரேஷனும் சேத்து குடுக்கும், சிலதுல "இன்வாய்ஸ் விலை அல்லது அதே மாடலோட இப்போதைய விலை, எது குறைவோ அது"ன்னு எழுதியிருக்கும். மேல நான் போட்ட 10,17,000 டாக்ஸ் சேந்த கவருக்குதான், இல்லனா 9 லட்சம் மட்டும்தான்.

இன்னொரு முக்கியமான எல்லை: ஆர்டிஐ வேலை செய்யறது திருட்டுக்கும் டோட்டல் லாஸுக்கும் மட்டும். ரிப்பேர் செலவு ஐடிவில 75% தாண்டினாதான் டோட்டல் லாஸ். 7,20,000 ஐடிவிக்கு அது 5,40,000. சர்வேயர் 5,20,000ன்னு எழுதிட்டா வண்டிய சரி பண்ணித்தான் குடுப்பாங்க, ஆர்டிஐ பக்கமே போகாது. திருட்டுன்னா எஃப்ஐஆர் போட்டதும் பணம் வந்துராது, வண்டி கிடைக்கலன்னு போலீஸ் ஃபைனல் ரிப்போர்ட் வேணும், அதுக்கு மாசக்கணக்குல ஆகலாம், அதுவரைக்கும் இஎம்ஐ நீங்கதான் கட்டணும். ரெண்டு சாவியும் கேப்பாங்க. ஒரிஜினல் இன்வாய்ஸும் டாக்ஸ் ரசீதும் காருக்குள்ள வைக்காதீங்க, காரோட சேந்து அதுவும் போயிரும் (சிரிக்காதீங்க, டாஷ்போர்டுலதான் நிறைய பேர் வச்சிருக்காங்க).

ஸ்டெப் 4: கன்சூமபிள்ஸ் கணக்கு

வண்டிய ரிப்பேர் பண்றப்போ தீந்து போற, திரும்ப போட முடியாத ஐட்டம் எல்லாம் இதுல வரும்: இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில், ஏசி கேஸ், நட்டு, போல்ட், கிளிப், வாஷர், கிரீஸ். பார்ட்ஸ் விலைல தேய்மானம் கழிக்காம குடுக்கற ஜீரோ டெப் இருந்தாலும் இதெல்லாம் சாதா பாலிசில வராது.

என் கதைய சொல்றேன். முன்னாடி போன வண்டி சடன் பிரேக் போட, நான் போய் இடிச்சேன். பம்பர், ரேடியேட்டர், ஏசி கண்டென்சர் மூணும் காலி. ஜீரோ டெப் இருந்ததால பார்ட்ஸ் முழுசா பாஸ் ஆச்சு, நான் ஜாலியா வண்டி எடுக்க போனேன். சர்வீஸ் அட்வைசர், "சார், இது கன்சூமபிள், இன்சூரன்ஸ்ல வராது"ன்னு ஒரு தனி பில்லு நீட்டினார். ஏசி கேஸ் 1,900, கூலண்ட் 1,450, கிளிப், போல்ட் எல்லாம் 800, ஆக 4,150. இது போக கட்டாய டிடக்டிபிள் 1,000 (1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு இதான், அதுக்கு மேல 2,000), அது எந்த கன்சூமபிள்ஸ் கவர் போட்டாலும் நாமதான் கட்டணும்.

அந்த வருஷம் கவர் எடுத்திருந்தா 900 ரூபாய்தான். நாலஞ்சு வருஷத்துல ஒரு தடவ இப்படி முன்பக்கம் அடி பட்டா போட்ட காசு திரும்பிரும். ஆனா கதவுல கீறல், பின்பக்க பம்பர் மாதிரி வேலைக்கு ரெண்டு மூணு கிளிப்தான், நூறு இருநூறு ரூபாய் விஷயம். அதனால ரேட் ஆயிரத்துக்குள்ள இருந்தா, அதுவும் தினமும் நெரிசல்ல ஓட்டறவங்கன்னா எடுங்க. மூவாயிரம் நாலாயிரம்னு சொன்னா வேண்டாம்னு விட்டுருங்க, அந்த பில்ல கையில இருந்தே கட்டிக்கலாம்.

ஒரு குழப்பம் தீத்துடறேன்: மழைத் தண்ணி இன்ஜினுக்குள்ள போய் சீஸ் ஆனா, "கன்சூமபிள்ஸ் இருக்கே, இன்ஜின் ஆயில் வருமே"ன்னு போகாதீங்க. இன்ஜின் ப்ரொடெக்ட் இல்லாம அந்த இன்ஜின் வேலையே கிளெய்ம்ல நிக்காது, அப்புறம் ஆயிலுக்கு மட்டும் யார் தருவா?

ஸ்டெப் 5: ரெனீவல்ல மறக்காதீங்க

புது காருக்கு தேர்ட் பார்ட்டி பாலிசி 3 வருஷத்துக்கு சேத்து வரும், ஆனா நம்ம வண்டி டேமேஜுக்கான பகுதி பொதுவா 1 வருஷம்தான் எடுத்திருப்பாங்க. ஆட்-ஆன் எல்லாம் அதோட ஒட்டினது, அதுவும் அன்னைக்கே முடிஞ்சிரும். ரெனீவல் லிங்க் அனுப்பறப்போ ரேட் கம்மியா தெரியணும்னு ஆர்டிஐய எடுத்துட்டு அனுப்பறதும் நடக்குது, அதனால பணம் கட்டறதுக்கு முன்னாடி போன வருஷ பாலிசியையும் இதையும் பக்கத்துல வச்சு ஆட்-ஆன் பேர ஒண்ணொண்ணா டிக் பண்ணுங்க. பாலிசி ஓடிட்டு இருக்கறப்போ நடுவுல சேக்க விடமாட்டாங்க, ஒரு வருஷம் விட்டுட்டா அடுத்த வருஷம் ஆர்டிஐ தரமாட்டோம்னு சொல்ற கம்பெனியும் உண்டு. பல கம்பெனில கார் 3 வருஷம் தாண்டினா ஆர்டிஐ கிடைக்காது, அந்த நேரத்துக்கு லோன் பாக்கிய ஐடிவியோட ஒரு தடவ ஒப்பிட்டு பாருங்க, இன்னும் பாக்கிதான் அதிகம்னா கையில வர்ற போனஸ் காச பிரின்சிபல்ல போட்டு எறக்கறதுதான் வழி.