சந்தைக் காட்சியில் கூட்டத்தைச் சும்மா நடக்க விடாதீர்கள்

"எல்லாரும் அப்படியும் இப்படியும் நடந்துகிட்டே இருங்க." சந்தைக் காட்சி எடுக்கப் போகும் புது உதவி இயக்குநர் கூட்டத்திடம் முதலில் சொல்வது இதைத்தான். நானும் சொல்லியிருக்கிறேன். பதினான்கு துணை நடிகர்களை, நம் சிங்கப்பூர்ப் பேச்சில் கலெஃபேக்களை, மதியத்துக்குப் பிறகு வியாபாரம் ஓய்ந்த ஓர் ஈரச் சந்தையில் நிறுத்திவிட்டு இப்படிச் சொன்னேன். மானிட்டரில் பார்த்தால் யாருக்கும் எதையும் வாங்கும் எண்ணமே இல்லை, எம்ஆர்டி நிலையத்தில் ரயில் மாற ஓடுகிறவர்கள் போல எல்லாரும் ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள்.

காட்சி எளிமையானதுதான். மீன் கடை முன்னால் அம்மா, பக்கத்தில் மகன். ஆஸ்திரேலியாவுக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டதாக மகன் சொல்கிறான். அம்மா பதில் சொல்லாமல் மீனைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். அந்த மௌனம்தான் காட்சியே. முதல் டேக்கில் சரியாக அந்த மௌனத்தில் மஞ்சள் பையோடு ஒருவர் இருவருக்கும் பின்னால் கடந்து போனார். பார்த்த எல்லார் கண்ணும் பையோடு போய்விட்டது. தப்பு அவருடையது இல்லை, எப்போது போக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த டேக்குக்கு முன் பதினான்கு பேரைப் பிரித்தேன். ஏழு பேருக்குக் கடைகளிலேயே வேலை: ஒருவர் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறார், ஓர் ஆன்ட்டி சில்லறையை எண்ணி இரண்டு வெள்ளி குறைகிறது என்று தேடுகிறார், ஒரு அங்கிள் கோப்பிப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டபடி தன் முறைக்குக் காத்திருக்கிறார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருக்க வேண்டும். "காய் வாங்குங்க" என்றால் பத்து விநாடியில் என்ன செய்வதென்று தெரியாமல் கேமராவைப் பார்ப்பார்கள். "மூன்று தக்காளி எடுங்க, ஒன்றைத் திருப்பி வைங்க, காசு கொடுங்க, கிளம்புங்க" என்றால் பார்க்க நேரமே இருக்காது.

ஐந்து பேர் பின்னால் கடப்பவர்கள். இவர்களுக்கு 'ஆக்‌ஷன்' என்ற சொல்லைக் கிளம்பும் சைகையாகக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் ஐவரும் ஒன்றாகப் புறப்படுவார்கள். கூட்டத்துக்கு மட்டும் 'பேக்ரவுண்ட்' என்று முதலில் குரல் கொடுத்து, இரண்டு மூன்று விநாடி ஓடவிட்டு, அப்புறம்தான் நடிகர்களுக்கு 'ஆக்‌ஷன்'. அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு வசனத்தில் கிளம்புவார்கள். தூரத்தில் வசனம் கேட்காது, அதனால் தூணுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று கை காட்டுவார். மகன் 'டிக்கெட் எடுத்துட்டேன்' என்றபின் யாரும் கடக்கவில்லை, கடைகளில் கைகள் மட்டும் மெதுவாக வேலை செய்தன. அம்மா மீனைக் கீழே வைத்த பிறகே அடுத்தவர் கிளம்பினார்.

மீதி இருவர் லென்ஸுக்கு அருகே கடப்பவர்கள். கேமராவை ஒட்டி நடப்பவர் படத்தில் நிஜத்தைவிட வேகமாகத் தெரிவார். ஆகவே அவர்களிடம் பாதி வேகம் கேளுங்கள், வெறும் அடர்நிறச் சட்டை போடச் சொல்லுங்கள். அம்மா குனியும்போது கடந்தால் அது சந்தை, பேசும்போது கடந்தால் தொல்லை.

ஆள் குறைவு என்று கடந்தவரையே கேமராவுக்குப் பின்னால் சுற்றவிட்டு மறுபடி அனுப்புவது இன்னொரு பழக்கம். சட்டையோ குடையோ உடனே காட்டிக்கொடுத்துவிடும். கடந்தவரை ஒரு கடையில் நிறுத்திவிட்டு அங்கே நின்றவரை வெளியே அனுப்பினால் ஆளும் புதிது, வாங்கி முடித்துக் கிளம்புவதால் நடைக்கும் காரணம் இருக்கும். யார் எந்த வசனத்தில் எந்தக் கையில் பையோடு போனார் என்று ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். குளோசப் எடுக்கும்போது பின்னணி மங்கலாகத்தான் இருக்கும், இருந்தாலும் பை கை மாறினால் எடிட்டிங்கில் தெரியும்.

சத்தத்தில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வசனத்தைச் சுத்தமாகப் பதிய, கூட்டம் வாயை மட்டும் அசைக்கும். பிளாஸ்டிக் பை சரசரக்கும் என்பதால் துணிப்பை கொடுப்போம். அதுவரை சரி. ஆனால் அந்த அமைதியில் நடிகர்கள் தங்களை அறியாமல் தாழ்ந்த குரலில் பேசிவிடுவார்கள், பிறகு சந்தை இரைச்சலைச் சேர்த்தால் அம்மாவும் மகனும் இரகசியம் பேசுவது போல இருக்கும். இதற்கு நான் செய்வது, ஒத்திகையில் ஒரு முறை கூட்டத்தை முழுக் குரலில் கத்தவிடுவது. அந்த இரைச்சலை மீறிப் பேசிய அளவை நடிகர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும், அப்புறம் கூட்டத்தை ஊமையாக்கலாம். காட்சி முடிந்ததும் கேமரா இல்லாமல் அதே பதினான்கு பேரை இரண்டு நிமிடம் பேசவிட்டுத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். தமிழில் மட்டும் வேண்டாம், மலாயும் மாண்டரினும் கொஞ்சம் ஹொக்கியனும் கலந்து விலை பேசட்டும். வெறும் தமிழ்க் குரல்களே கேட்டால் சிங்கப்பூர்ச் சந்தை என்று எந்த ஆன்ட்டியும் நம்ப மாட்டார்.