கருத்துக்கு ஒத்துவராத பேட்டியை என்ன செய்வது? நெகட்டிவ் கேஸ் அனாலிசிஸ், படிப்படியாக

பத்துப் பதினைந்து பேட்டி எடுத்து, பேட்டியின் ஒவ்வொரு துண்டுக்கும் 'கோடு' என்ற பெயர்ச்சீட்டு ஒட்டும் கோடிங்கை முடித்து, ஒரு கருத்து கைக்கு வந்ததும் அதற்குச் சாதகமான வரிகளே கண்ணில் படும். அந்தக் கருத்தை உடைக்கக்கூடிய பேட்டியைத் தேடி எடுத்து, அதை வைத்துக் கருத்தைத் திருத்துவதுதான் நெகட்டிவ் கேஸ் அனாலிசிஸ். முரண் நேர்வுப் பகுப்பாய்வு என்றும் சொல்லலாம்.

பழகுவதற்காக ஓர் உதாரணத்தை நானே கட்டியிருக்கிறேன். தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் 14 வீடுகளில், குடிக்க எந்தத் தண்ணீர் என்று பேட்டி எடுத்ததாக வைத்துக்கொள்வோம்.

படி 1: கருத்தை உடையக்கூடிய வாக்கியமாக எழுதுங்கள்

"மக்களுக்குக் குழாய்த் தண்ணீர்மேல் நம்பிக்கை குறைவு" என்பதை எந்தப் பேட்டியாலும் உடைக்க முடியாது. "குழாய்த் தண்ணீரில் வாடை வருகிற வீடுகள் கேன் வாங்குகின்றன, வராத வீடுகள் வாங்குவதில்லை" என்று எழுதினால் முடியும்.

படி 2: எது கிடைத்தால் உடையும்?

தேடுவதற்கு முன்பே இதை எழுதிவையுங்கள், தேதியோடு. நம் வாக்கியம் இரண்டு விதமாக உடையும்: வாடை இருந்தும் கேன் வாங்காத வீடு, வாடை இல்லாமலே வாங்குகிற வீடு. பெரும்பாலானவர்கள் முதல் வகையோடு நின்றுவிடுகிறார்கள்.

படி 3: கோடு போடாத பக்கங்களையும் படியுங்கள்

'வாடை' என்ற கோடைத் திறந்து அதிலிருக்கும் துண்டுகளை மட்டும் பார்த்தால் போதாது. அந்தக் கோடே நம் கருத்தை மனதில் வைத்துப் போட்டதுதானே! முழுப் பேட்டியையும் மறுபடி படிக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு வரி வீதம் ஒரு தாளில் எழுதுங்கள்: வாடை உண்டா, கேன் உண்டா, அவர்கள் சொன்ன காரணம் என்ன.

இங்கே ஒரு எச்சரிக்கை. வாடை பற்றி ஒருவர் பேசவே இல்லை என்றால் 'வாடை இல்லை' என்று எழுதாதீர்கள், 'கேட்கவில்லை' என்று எழுதுங்கள். இதைக் கலந்துவிட்டால் இல்லாத முரண் நேர்வுகள் முளைக்கும்.

நம் தாளில் இரண்டு வீடுகள் இடிக்கின்றன. ஒரு அம்மா சொல்கிறார்: "வாடை வரும்தான். முதல் மூணு குடம் கீழ ஊத்திட்டு அப்புறம் புடிப்பேன். காய்ச்சி ஆறவச்சாப் போதும், கேனுக்கு எதுக்குக் காசு?" மீன் விற்கும் அக்கா ஒருவர்: "எங்க தெருவுல தண்ணி நல்லாத்தான் வருது. வர்றது விடியகாலை மூணு மணிக்கு. அப்ப நான் ஏலத்துல நிப்பேன். யாரு புடிக்கிறது?"

படி 4: முரணை வைத்துக் கருத்தைத் திருத்துங்கள்

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாடையைவிட முக்கியமான ஒன்று தெரிகிறது: தண்ணீர் பிடித்து, காய்ச்சி, ஆறவைக்கிற வேலைக்கு வீட்டில் ஆள் இருக்கிறாரா என்பது. புது வாக்கியம்: "குழாய்த் தண்ணீரைக் குடிக்கத் தயார் செய்ய ஆளும் நேரமும் இல்லாத வீடுகள் கேன் வாங்குகின்றன."

அபின் அடிமைத்தனம் பற்றி 1947-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆல்ஃபிரட் லிண்டெஸ்மித் வெளியிட்ட ஆய்வும் இப்படித்தான் நகர்ந்தது. என்ன மருந்து என்று தெரிந்தே சில காலம் எடுத்துக்கொள்பவர்கள் அடிமையாகிறார்கள் என்பது அவருடைய ஆரம்பக் கருத்து. மார்ஃபின் என்று தெரிந்தே பல வாரம் எடுத்தும் அடிமையாகாத ஒரு டாக்டர் அதை உடைத்தார். மருந்தை நிறுத்தும்போது வரும் உடல் அவதிக்கு மருந்து இல்லாததே காரணம் என்று ஆள் புரிந்துகொள்வதை நோக்கி லிண்டெஸ்மித்தின் கருத்து மாறியது.

படி 5: திருத்திய வாக்கியத்தோடு 14 வீட்டுக்கும் திரும்பப் போங்கள்

பலரும் தாண்டிவிடுகிற படி இது. முன்பு ஒத்துப்போன வீடுகளையும் விடக்கூடாது. வாடையும் உண்டு, கேனும் உண்டு என்று நிம்மதியாக ஒதுக்கிய ஒரு வீட்டில் பாட்டி நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கிறார். அப்படியானால் ஆள் இருக்கிறதே? பேட்டியைப் படித்தால் வீடு இரண்டாவது மாடி, பாட்டியால் குடம் தூக்க முடியாது. சரி, 'ஆள்' என்பதை 'தூக்கி ஏற்றக்கூடிய ஆள்' என்று இறுக்கலாம்.

இன்னொரு வீடு அடங்கவில்லை. ஆள் உண்டு, நேரமும் உண்டு. பேரனுக்கு மஞ்சள் காமாலை வந்ததிலிருந்து காய்ச்சின தண்ணீரையே நம்புவதில்லை, கேன்தான். இதற்காக "காமாலை வந்த வீடுகள் தவிர" என்று ஒட்டுப் போடாதீர்கள். ஒவ்வொரு முரணுக்கும் ஒரு 'தவிர' சேர்த்தால் கடைசியில் வாக்கியம் எதையுமே சொல்லாது. பதிலாக, வீட்டில் நோய் வந்த இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள். அவர்களும் அதையே சொன்னால் அது கேனுக்குப் போகும் தனி வழி. சொல்லாவிட்டால் அந்த வீடு விளங்காத நேர்வாகவே நிற்கட்டும்.

ஒரு முரண்கூட மிஞ்சக்கூடாது என்பது கறாரான விதி. ஆய்வுமுறை அறிஞர்கள் லிங்கனும் கூபாவும் 1985-லேயே அது மிகக் கடுமையானது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் மிஞ்சியதை மறைக்கக் கூடாது.

படி 6: அறிக்கையில் எழுதுவது

முதல் வாக்கியம், அதை உடைத்த இரண்டு வீடுகள், திருத்திய வாக்கியம், மிஞ்சிய வீடு, எத்தனை பேட்டியை முழுதாகத் திரும்பப் படித்தீர்கள் என்பது. ஒரு பத்தி போதும். காமாலை வீட்டை அடிக்குறிப்பில் தள்ளாமல், அவர்கள் சொன்ன வார்த்தைகளோடு அந்தப் பத்தியிலேயே வையுங்கள்.