வரைபடத்தில் தூரமும் திசையும்: நான் தலைகீழாகப் போட்ட கணக்கு

அளவை 1:50,000 உள்ள ஒரு நிலவரைபடம். அதில் ஒரு பாலம், ஒரு குன்று. "பாலத்திலிருந்து குன்று எவ்வளவு தூரத்தில், எந்தத் திசையில் இருக்கிறது?" இந்த ஒரு கேள்வியை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் தூரம்

இரண்டு இடங்களின் நடுப்புள்ளிகளையும் கூரான பென்சிலால் நேர்கோடு போட்டு இணையுங்கள். கோட்டை ஸ்கேலால் அளந்தால் 7.4 செ.மீ. வருகிறது. 1:50,000 என்றால் வரைபடத்தில் 1 செ.மீ., தரையில் 50,000 செ.மீ.; அதாவது 500 மீட்டர், அரை கிலோமீட்டர். 7.4-இல் பாதி 3.7. எனவே தூரம் 3.7 கி.மீ.

இது காக்கை பறக்கிற தூரம். வளைந்து போகும் பாதையின் நீளம் வேண்டுமானால் ஒரு நூலைப் பாதைமேல் ஒட்டி வைத்து, பிறகு நூலை நீட்டி அளக்க வேண்டும்.

திசை: எனக்குச் சறுக்கிய இடம்

முதல் தடவை எனக்கு 304° வந்தது. வடமேற்கு என்று எழுதிவைத்தேன். குன்றோ வரைபடத்தில் பாலத்துக்கு வலப்புறம் கீழே, கண்ணெதிரே இருந்தது! கோணமானியைக் குன்றின்மேல் வைத்து அளந்திருந்தேன். குன்றிலிருந்து பாலம் இருக்கும் திசையைக் கண்டுபிடித்துவிட்டு, அதையே விடை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றுமுதல் கேள்வியில் "இருந்து" எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன். பாலத்தி*லிருந்து* என்றால் நாம் நிற்பது பாலத்தில். கோணமானியின் நடுப்புள்ளி அங்கேதான் உட்கார வேண்டும். "பாலத்துக்கு எந்தத் திசையில் குன்று?" என்று கேட்டாலும் நிற்குமிடம் பாலமே.

இனி அளப்பது சுலபம். பாலத்தின் வழியாக, வரைபடத்தின் வடக்கு-தெற்குக் கோடுகளுக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். கோணமானியின் 0° அந்தக் கோட்டில் வடக்கு நோக்கி இருக்கட்டும். அங்கிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாகவே எண்ணிக்கொண்டு குன்றுக்குப் போகும் கோடுவரை வந்தால் 124°. கிழக்கு 90°, தெற்கு 180°. இடையே 135° சரியான தென்கிழக்கு. 124° அதற்குப் பக்கத்தில் இருப்பதால் எட்டுத் திசைகளில் சொன்னால் தென்கிழக்கு.

என் பழைய 304° எங்கிருந்து வந்தது தெரிகிறதா? 124 + 180. இடம் மாற்றி அளந்தால் பிழை எப்போதும் சரியாக 180° ஆகத்தான் இருக்கும். ஒரு டிகிரி கூடக் குறைய இருந்தால் அது வேறு பிழை.

எனக்குப் பிடித்தது முழு வட்டக் கோணமானி. அரைவட்டம் வைத்தால் 180°-ஐத் தாண்டும்போது கூட்டிக் கழித்துக் குழம்ப வேண்டியிருக்கிறது. ஒளி ஊடுருவும் அடித்தட்டு உள்ள திசைகாட்டி இருந்தால் கோணமானியே வேண்டாம்: தட்டின் ஓரத்தைப் பாலத்தையும் குன்றையும் தொடும்படி வைத்து, தட்டிலுள்ள அம்பு குன்றைப் பார்க்க, வளையத்தைத் திருகி அதன் 'N' குறியை வரைபடத்தின் வடக்குப் பக்கம் கொண்டுவாருங்கள். உள்ளே உள்ள கோடுகள் வடக்குக் கோடுகளுக்கு இணையாக வந்ததும் குறிகோட்டில் 124 தெரியும். இந்த நேரத்தில் காந்த ஊசி எந்தப் பக்கம் ஆடினாலும் கண்டுகொள்ளாதீர்கள். அதற்கு இங்கே வேலை இல்லை.

களத்தில் இறங்கும்போது

ஊசிக்கு வேலை வருவது இப்போதுதான். அது காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்தின் வடக்கோடு அது ஒத்துப்போக வேண்டியதில்லை. வித்தியாசம் எவ்வளவு என்று பெரும்பாலும் வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருப்பார்கள். காந்த வடக்கு 2° மேற்கே விலகியிருந்தால் 124-உடன் 2 கூட்டி 126° வைத்து நடக்க வேண்டும். கிழக்கே விலகியிருந்தால் கழித்து 122°. இரண்டு டிகிரிதானே என்று விட்டால் 3.7 கி.மீ. முடிவில் ஏறக்குறைய 130 மீட்டர் தள்ளிப் போய் நிற்போம்.

பின்சேர்க்கை: இதே வரைபடத்தை அச்செடுத்து அளந்த ஒருவர், தனக்கு 5.9 செ.மீ.தான் வருகிறது, தூரம் 3 கி.மீ.க்கும் குறைகிறது என்று எழுதியிருந்தார். அச்சில் படம் சுருங்கிவிட்டது. அப்போது 1:50,000 என்ற எண் பொய்யாகிவிடும், ஆனால் கீழே வரைந்திருக்கும் கோட்டளவை படத்தோடு சேர்ந்தே சுருங்கும். அவர் படத்தில் 1 கி.மீ. குறித்த துண்டு 2 செ.மீ.க்குப் பதில் 1.6 செ.மீ. இருந்தது. 5.9-ஐ 1.6-ஆல் வகுத்தால் மறுபடி 3.7 கி.மீ.தான். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே மாதிரி சுருங்கியிருந்ததால் அவருக்கும் கோணம் 124° தான் வந்தது.